6,000 கிளிக், 11 அபாயா



நோன்புப் பெருநாளைக்குப் பத்து நாட்கள் இருந்த ஒரு மாலை. காத்தான்குடி பிரதான வீதியில் புடவைக் கடை வைத்திருக்கும் ஒரு காக்கா, அஸர் தொழுகை முடிந்து வரும்போது என்னைப் பள்ளிவாசல் படியிலேயே பிடித்துக் கொண்டார். கையில் போன். அதில் பேஸ்புக் விளம்பரத்தின் கணக்கு.

"தம்பி, இதைக் கொஞ்சம் பாருங்க. ஆறாயிரம் பேர் வந்து போனதாக் காட்டுது. ஆனால் கல்லாப்பெட்டியில ஒண்டும் விழல்லயே. இது என்ன கணக்கு?"

அவருடைய கேள்வி இன்று ஏறாவூரிலும் ஓட்டமாவடியிலும் கல்முனையிலும் கடை வைத்திருக்கும் பலருடைய கேள்வி. ஆகவே அவருடைய பெயரை விட்டுவிட்டு, கணக்கை மட்டும் உங்கள் முன் வைக்கிறேன். அவரும் சம்மதித்தார். விளங்கிக் கொள்ள இலகுவாக எண்களை முழு எண்களாகத் தருகிறேன்.

அவர் இரண்டு முறை விளம்பரம் செய்திருக்கிறார். முதல் முறை ஷஃபான் மாதத்தில். மகன் தன் போனிலிருந்தே செய்தது. பத்து நாட்களுக்கு 15,000 ரூபா செலவு. 900 கிளிக் வந்தது. 12 அபாயா விற்றது.

இரண்டாம் முறை ரமழான் முதல் பாதியில். இந்த முறை விளம்பரம் செய்து கொடுக்கும் ஒருவரிடம் பொறுப்பை ஒப்படைத்தார். 30,000 ரூபா செலவு. 6,000 கிளிக் வந்தது. 11 அபாயா விற்றது.

விளம்பரக்காரர் அனுப்பிய அறிக்கையில் ஒரு வரிக்குப் பச்சை நிறம் தீட்டியிருந்தார். முன்பு ஒரு கிளிக்குக்கு 16 ரூபாவுக்கு மேல் போனது, இப்போது 5 ரூபாதான் என்பது அந்த வரி. அது பொய்யல்ல. 30,000 ஐ 6,000 ஆல் பிரித்தால் 5 தான் வரும். ஆனால் அதே 30,000 ஐ 11 ஆல் பிரித்துப் பாருங்கள். ஓர் அபாயாவை விற்பதற்கு 2,727 ரூபா விளம்பரச் செலவு. முதல் முறை 15,000 ஐ 12 ஆல் பிரித்தால் 1,250 ரூபாதான்.

காக்கா அந்த அபாயாவை 4,700 ரூபாவுக்கு எடுத்து 6,500 ரூபாவுக்கு விற்கிறார். கையில் நிற்பது 1,800 ரூபா. முதல் விளம்பரத்தில் விளம்பரச் செலவு போக 6,600 ரூபா மிஞ்சியது. இரண்டாவதில் 11 அபாயாவின் இலாபம் 19,800 ரூபா, விளம்பரச் செலவு 30,000 ரூபா. அதாவது 10,200 ரூபா நட்டம். கிளிக் மலிந்தது, விற்பனையின் விலை ஏறியது. அதுவும் பெருநாள் கொள்வனவு சூடுபிடிக்கும் ரமழானில்! இது எப்படி நடந்தது என்பதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

நீங்கள் கேட்டதைத்தான் அது கொண்டு வரும்

ஓர் உதாரணம். உங்கள் கடைக்கு ஆள் சேர்க்க ஒரு பையனை வைக்கிறீர்கள். "தம்பி, கடை வாசலுக்கு நீ கூட்டி வரும் ஒவ்வொரு ஆளுக்கும் 5 ரூபா" என்கிறீர்கள். அவன் என்ன செய்வான்? மகளுக்குக் கல்யாணம் வைத்துப் புடவை தேடித் திரியும் தாயைத் தேடிப் போவானா? மாட்டான். பஸ் தரிப்பிடத்தில் சும்மா நிற்பவர்களைத்தான் கூட்டி வருவான். அவர்கள்தான் உடனே வருவார்கள். மாலைக்குள் வாசலில் நூறு பேர். பையனுக்கு 500 ரூபா. உங்களுக்கு விற்பனை ஒன்றும் இல்லை. பையன் ஏமாற்றவில்லை. நீங்கள் கேட்டது ஆட்களை, அவன் கொண்டு வந்ததும் ஆட்களை.

பேஸ்புக் விளம்பரம் இதே மாதிரிதான் வேலை செய்கிறது. விளம்பரம் தயாரிக்கும்போது முதலாவதாக அது உங்கள் நோக்கம் என்ன என்று கேட்கும். Awareness, Traffic, Engagement, Leads, App promotion, Sales என்று ஆறு நோக்கங்கள் திரையில் வரும். Traffic என்பதைத் தெரிவு செய்தால், "எனக்குக் கிளிக் வேண்டும்" என்று சொல்லி விட்டீர்கள். அதன் பிறகு அந்த இயந்திரம், யார் அடிக்கடி விளம்பரங்களைத் தட்டுகிறார்கள் என்ற தன் பழைய பதிவுகளைப் பார்த்து, அப்படிப்பட்டவர்களிடம் உங்கள் விளம்பரத்தைக் கொண்டு போகும். கண்டதையெல்லாம் தட்டிப் பார்ப்பவர்கள் ஒரு கூட்டம். பார்த்ததை வாங்குபவர்கள் வேறொரு கூட்டம். இரண்டும் ஒன்றல்ல.

தட்டுபவரிடம் கொண்டு சேர்ப்பது மலிவு. வாங்குபவரிடம் கொண்டு சேர்ப்பது விலை கூட. ஏனென்றால் வாங்கும் பழக்கமுள்ள அதே பெண்ணின் திரைக்கு உங்களோடு கொழும்புக் கடைகளும் போட்டி போடுகின்றன. பேஸ்புக்கில் விளம்பர இடம் ஏலத்தில்தான் போகிறது. எவரும் போட்டி போடாத இடம் மலிவாகக் கிடைக்கும். எவரும் ஏன் போட்டி போடவில்லை என்று நாம் யோசிப்பதில்லை.

காக்காவின் மகன் முதல் முறை, தனக்குத் தெரியாமலேயே சரியானதைச் செய்திருந்தார். வட்ஸ்அப்பில் செய்தி அனுப்பச் சொல்லும் விளம்பரத்தைப் போட்டிருந்தார். இயந்திரம் தட்டுபவரைத் தேடாமல் எழுதிக் கேட்பவரைத் தேடியது. கிளிக் குறைந்தது, விற்பனை குறையவில்லை.

6,000 எங்கே போனது?

இரண்டாம் விளம்பரத்தின் கணக்கை நானும் காக்காவும் அவருடைய கடையில் உட்கார்ந்து, மேலிருந்து கீழாக ஒவ்வொரு படியாக இறங்கிப் பார்த்தோம்.

அறிக்கையில் இருந்த 6,000 என்பது திரையில் Clicks (all) என்ற பெயரில் வரும் எண். இது கடைக்கு வந்தவர்களின் தொகை அல்ல. படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கத் தட்டியதும், மிச்ச எழுத்தைப் படிக்கத் தட்டியதும், லைக் போட்டதும், கடையின் பெயரைத் தட்டியதும் இதில் சேரும். நம் ஊர் வழக்கில் சொன்னால், வீதியால் போகும்போது கண்ணாடி அலுமாரியைப் பார்த்தவர்களையும் சேர்த்து எண்ணிய எண். இணைப்பைத் தட்டியவர்களின் எண்ணிக்கை பக்கத்தில் Link clicks என்று வேறாக இருந்தது. அது 2,400.

அந்த 2,400 தட்டல்களிலும் எல்லாம் பக்கத்தைச் சென்றடையவில்லை. Landing page views என்ற எண் 1,300 என்று காட்டியது. பக்கம் உண்மையிலேயே திறந்த தடவைகள் இவ்வளவுதான். மிச்சப் பேர் தட்டினார்கள், திறக்கும் வரை காத்திருக்கவில்லை. காரணத்தைத் தேட அதிக நேரம் எடுக்கவில்லை. அந்தப் பக்கத்தில் 12 படங்கள். போன் கெமராவில் எடுத்தபடியே போட்டவை. ஒவ்வொன்றும் 4 மெகாபைட் அளவு. ரீலோட் போட்டு டேட்டா பாவிக்கும் ஒரு பெண் 48 மெகாபைட் இறங்கும் வரை பொறுத்திருப்பாரா? அதே படத்தை ஒரு தடவை வட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பி, அங்கிருந்து எடுத்துப் போட்டாலே பாரம் பல மடங்கு குறைந்து விடும்.

தவறுதலாக விரல் பட்டதும் இந்த இடைவெளியில் அடங்கும். இது கற்பனையல்ல. கைத்தொலைபேசியில் விளம்பரப் படத்தின் ஓரங்களில் தெரியாமல் படும் தட்டல்களைக் கணக்கில் எடுக்காமல் இருக்க 2015 இல் கூகிள் ஏற்பாடு செய்தது. வேறு செயலிகளில் காட்டப்படும் தனது விளம்பரங்களைத் தட்டி 2 செக்கனுக்குள் திரும்பி விடுபவர்களுக்குப் பணம் அறவிடுவதில்லை என்று 2017 இல் பேஸ்புக் அறிவித்தது. உம்மாவின் போனில் விளையாடும் பிள்ளையின் விரல் பெருநாள் அபாயா வாங்க வந்ததல்ல என்பது அந்தப் பெரிய கம்பனிகளுக்கே தெரியும்.

அந்த 1,300 இல் இருந்து வட்ஸ்அப்பில் எழுதியவர்கள் 96 பேர். இதிலிருந்து கீழே உள்ள கணக்கு பேஸ்புக்கில் இல்லை. காக்காவின் போனில்தான் இருக்கிறது. ஒவ்வொரு உரையாடலாகத் திறந்து, ஒரு கொப்பியில் எழுதினோம்.

22 பேருக்குப் பதில் அடுத்த நாள்தான் போயிருக்கிறது. தராவீஹ் நேரத்திலும் இரவிலும் வந்த செய்திகள். பதில் போனபோது எவரும் திரும்ப எழுதவில்லை. அவர்கள் வேறு கடையில் வாங்கியிருப்பார்கள்.

46 பேர் விலையைக் கேட்டார்கள். "6,500" என்றதும் பேச்சு நின்றது.

10 பேர் கேட்ட அளவோ நிறமோ கடையில் இல்லை.

18 பேர் ஓர்டர் கொடுத்தார்கள். பொருள் கையில் கிடைத்த பின் பணம் தருவதாகச் சொன்னவர்கள். அதில் 7 பார்சல்கள் வாங்கப்படாமல் திரும்பி வந்தன. மிச்சம் 11.

காக்கா கொப்பியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, ஆறாயிரம் பேர் வரல்ல. தொண்ணூத்தாறு பேர்தான் வந்திரிக்காங்க. அதுல பாதிப் பேரை விலை துரத்திட்டு." அவர் சொன்னது சரி. ஆனால் அவர்களைத் துரத்தியது விலையல்ல, விலையை மறைத்த விதம்.

"விலைக்கு இன்பொக்ஸ்"

இரண்டாம் விளம்பரத்தில் விலை இல்லை. "விலைக்கு இன்பொக்ஸ்" என்று போட்டிருந்தார்கள். மகன் செய்த முதல் விளம்பரத்தில் படத்தின் மேலேயே 6,500 என்று எழுதியிருந்தது.

விலையை மறைத்தால் கிளிக் கூடும் என்பது விளம்பரக்காரர்களுக்குத் தெரியும். படம் அழகாக இருந்தால், விலை என்னவாக இருக்கும் என்று அறியும் ஆசையிலேயே ஆட்கள் தட்டுவார்கள். 3,000 ரூபா கையில் வைத்திருப்பவரும் தட்டுவார், 8,000 வைத்திருப்பவரும் தட்டுவார். விலை எழுதப்பட்டிருந்தால் 3,000 வைத்திருப்பவர் வாசலிலேயே திரும்பி விடுவார். உங்களுக்கு ஒரு கிளிக் குறையும். ஆனால் அந்தக் கிளிக்குக்குக் கொடுக்கும் காசு மிஞ்சும், அவருக்குப் பதில் எழுதும் நேரமும் மிஞ்சும். காக்காவின் கடையில் 46 பேருக்கு விலை சொல்லிக் கொண்டிருந்த நேரத்தில்தான் அந்த 22 பேரும் பதிலின்றிக் காத்திருந்தார்கள். இரண்டு நட்டமும் ஒரே வேரிலிருந்து வந்தவை.

நமது நாட்டில் கடைக்காரர் தமது வியாபாரத் தலத்தில் விலையைக் கண்ணில் படும்படி காட்சிப்படுத்த வேண்டும் என்று 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் சொல்கிறது. கடைச் சுவரில் விலையைத் தொங்கவிடும் நாம், போன் திரையில் மட்டும் ஏன் ஒளித்து வைக்கிறோம்? மதீனாச் சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டு, உள்ளே ஈரமிருப்பதைக் கண்டு, அதை மேலே வைத்திருக்க வேண்டாமா என்று வியாபாரியிடம் கேட்ட சம்பவம் நம் எல்லோருக்கும் தெரியும். விலையை மறைப்பது குறையை மறைப்பதற்குச் சமம் என்று நான் மார்க்கத் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. வாங்குபவர் அறிய வேண்டியது மேலே இருக்க வேண்டும் என்ற பாடம் வியாபாரக் கணக்கிலும் சரியாகவே வருகிறது என்றுதான் சொல்கிறேன்.

வட்டம் கடலில் விழுகிறது

இன்னொரு விடயம், விளம்பரம் எங்கே போனது என்பது. இரண்டாம் விளம்பரம் முழு இலங்கைக்கும், 18 முதல் 65 வயது வரை, ஆண் பெண் எல்லோருக்கும் போயிருந்தது. அபாயாவுக்கு ஆண்களின் கிளிக் எதற்கு? மனைவிக்கு வாங்கிக் கொடுப்பவர் இருக்கலாம். ஆனால் மலிவாகத் தட்டும் கூட்டத்தைத் தேடச் சொன்ன பிறகு அப்படிப்பட்டவரை இயந்திரம் பொறுக்கி எடுக்காது.

"அப்ப ஊரைச் சுத்தி மட்டும் போட்டா சரியா?" என்று கேட்டார் காக்கா. அதிலும் ஒரு விடயம் இருக்கிறது. வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்து, இத்தனை கிலோமீற்றர் என்று ஒரு வட்டம் போடலாம். காத்தான்குடியில் புள்ளி வைத்து 15 கிலோமீற்றர் வட்டம் போட்டுப் பாருங்கள். ஏறத்தாழப் பாதி வங்காள விரிகுடாவில் விழும். மறுபாதியில் வாவி கிடக்கும். வாவிக்கு அப்பால் படுவான்கரை வயற்கிராமங்கள். கடலில் ஆளில்லை, ஆகவே அங்கே காசு போகாது. ஆனால் படுவான்கரையில் ஆள் இருக்கிறது. வட்டத்துக்கு வாவியும் தெரியாது, பாலமும் தெரியாது. நேர்கோட்டில் பக்கமாகத் தெரியும் ஊருக்கு, 2014 இல் திறந்த மண்முனைப் பாலத்தைச் சுற்றித்தான் போக வேண்டியிருக்கலாம். அதைவிட முக்கியம், அங்குள்ளவர்கள் பெரும்பாலும் அபாயா வாங்குபவர்கள் அல்லர். அதே வட்டம் உரக்கடைக்கோ தண்ணீர்ப் பம்பு விற்பவருக்கோ மிக நல்ல வட்டம். அபாயாக் கடைக்கு ஒரு பெரிய வட்டத்தை விட, காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி, கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று என்று ஊருக்கொரு சிறிய புள்ளி வைப்பதே பொருத்தம்.

ஊருக்குள் விற்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. திரும்பி வந்த 7 பார்சல்களில் 6 தூர மாவட்டங்களுக்குப் போனவை. பக்கத்து ஊர்ப் பெண், துணியைத் தொட்டுப் பார்க்கக் கடைக்கே வந்து விடுவார்.

கிளிக் செய்தவர் எப்படியும் வந்திருப்பாரா?

இதுவரை சொன்னது, வாங்காதவர்களின் கிளிக்கைப் பற்றி. வாங்குபவரின் கிளிக்கும் சில வேளை வீண் செலவாகலாம். இதைப் பெரிய அளவில் காட்டியது அமெரிக்காவின் இ-பே நிறுவனம். இணையத்தில் "இ-பே" என்று தேடுபவர்களுக்கு அந்தக் கம்பனி தன் விளம்பரத்தையே காட்டி, ஒவ்வொரு கிளிக்குக்கும் காசு கொடுத்து வந்தது. 2012 இல் சில தேடல் தளங்களில் அந்த விளம்பரத்தை நிறுத்திப் பார்த்தார்கள். விளம்பரத்தால் வந்த கிளிக்குகளில் 99.5 வீதம், கீழே இலவசமாக இருந்த இணைப்பின் வழியாக வந்து சேர்ந்தன. கடைப் பெயரைச் சொல்லித் தேடியவர் எப்படியும் வந்திருப்பார். தோமஸ் பிளேக், கிறிஸ் நொஸ்கோ, ஸ்டீவன் டடெலிஸ் என்ற பொருளியலாளர்கள் இந்த ஆய்வை 2015 இல் வெளியிட்டார்கள். இதைக் கேட்டு விளம்பரமே வீண் என்று முடிவு செய்யக் கூடாது. இ-பேயை அறியாத புதியவர்களிடமும் எப்போதாவது வாங்குபவர்களிடமும் விளம்பரம் விற்பனையைக் கூட்டியது என்றும் அதே ஆய்வு சொல்கிறது.

நமக்கு இதில் உள்ள பாடம் சிறியது, ஆனால் பயனுள்ளது. காக்காவின் 11 பேரில் 3 பேர் பல வருடங்களாக அந்தக் கடையில் வாங்குபவர்கள். அவர்கள் விளம்பரம் இல்லாமலும் பெருநாளைக்கு வந்திருப்பார்கள். மறுபுறம், போனில் பார்த்துவிட்டு, எதையும் தட்டாமல், நேராகக் கடைக்கு வந்து வாங்கியவர்களும் இருப்பார்கள். அவர்களை எந்தத் திரையும் காட்டாது. ஆகவே பணம் வாங்கும்போது "எங்கே பார்த்தீர்கள்?" என்று ஒரு கேள்வி, கொப்பியில் ஒரு கோடு. அதற்கு மேல் எந்தக் கருவியும் சிறிய கடைக்குத் தேவையில்லை.

இனி என்ன செய்வது?

காக்காவுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

கணக்கைக் கீழிருந்து மேலே போடுங்கள். ஒரு பொருளில் உங்களுக்கு நிற்பது 1,800 ரூபா என்றால், அதில் எவ்வளவை விளம்பரத்துக்குக் கொடுக்க மனம் வருகிறது? 1,000 ரூபா என்று வையுங்கள். 10,000 ரூபா செலவழித்தால் குறைந்தது 10 விற்பனை வர வேண்டும். வரவில்லையா, நிறுத்துங்கள். கிளிக் 500 ஆக இருந்தாலும் 50,000 ஆக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

விளம்பரத்தின் நோக்கத்தை மாற்றுங்கள். "அப்படியானால் Sales என்பதைத் தட்டினால் போதும்தானே?" என்று சிலர் கேட்பார்கள். பெரிய கடைக்கு அது சரி. ஆனால் யார் வாங்குவார்கள் என்று அந்த இயந்திரம் கற்றுக் கொள்வதற்கு ஒரு வாரத்தில் 50 அளவிலான விற்பனைகள் வேண்டும் என்று பேஸ்புக்கே சொல்கிறது. அதுவும் இணையப் பக்கத்திலேயே நடந்து பதிவாகும் விற்பனைகள். நமது விற்பனை வட்ஸ்அப்பிலும் கல்லாப்பெட்டியிலும் நடக்கிறது. ஆகவே மாதம் இருபது முப்பது விற்கும் கடைக்கு, செய்தி அனுப்பச் சொல்லும் விளம்பரமே பொருந்தும். பதில் சொல்ல ஓர் ஆள் இருக்கும் நேரத்துக்கு அளவாகச் செலவழியுங்கள். பதில் சொல்ல முடியாத செய்தி, கதவு பூட்டிய கடைக்கு ஆள் கூட்டுவது போன்றது.

விலையையும், இருக்கும் அளவுகளையும், கடை இருக்கும் இடத்தையும் படத்திலேயே போடுங்கள்.

ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டாம் விளம்பரத்தில் நோக்கம், விலை, இடம் மூன்றும் ஒன்றாக மாறியதால், எது எவ்வளவு நட்டம் செய்தது என்று தனித்தனியாகப் பிரித்துச் சொல்ல எனக்கும் முடியவில்லை. 12 க்கும 11 க்கும் உள்ள வித்தியாசத்தை வைத்தும் எதையும் முடிவு செய்ய முடியாது. அது தற்செயலாகவும் வரும். ஆனால் கிளிக் ஆறு மடங்குக்கு மேல் கூடியும் விற்பனை அசையவில்லை என்பது தற்செயல் அல்ல.

கடைசியாக, விளம்பரத்தை வேறொருவர் செய்தாலும் கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும். எண்களை நீங்களே திறந்து பார்க்கக் கூடியதாக இருக்க வேண்டும். அவர் கிளிக் எண்ணைச் சொன்னால், கோபப்படாமல், "ஒரு விற்பனைக்கு எவ்வளவு விழுந்தது?" என்று மட்டும் கேளுங்கள். நேர்மையானவர் உங்களோடு உட்கார்ந்து கொப்பியைத் திறப்பார். மற்றவர் இன்னொரு பச்சை வரியைக் காட்டுவார்.

காக்கா பெருநாளைக்கு முந்திய ஐந்து நாட்களுக்கு 5,000 ரூபாவுக்கு மட்டும் திரும்பவும் விளம்பரம் போட்டார். விலையோடு, நாலு ஊருக்கு, வட்ஸ்அப்புக்கு. 140 கிளிக். 19 செய்திகள். இரவு பத்து மணி வரை மகள் பதில் சொன்னார். 5 அபாயா விற்றது. ஒன்றுக்கு 1,000 ரூபா செலவு போக 4,000 ரூபா கையில் நின்றது. சிறிய எண்தான். இதை வைத்துப் பெருமை பேசவும் முடியாது. ஆனால் 6,000 கிளிக் 10,200 ரூபாவை எடுத்துக் கொண்டு போனது, 140 கிளிக் 4,000 ரூபாவைக் கொண்டு வந்தது.

"நூத்தி நாப்பதுதானா எண்டு முதல்ல மனசு கவலைப்பட்டது தம்பி" என்றார் பெருநாள் தொழுகைக்குப் பின் கண்டபோது. "இப்ப அந்த நம்பரைப் பார்க்கிறதே இல்ல. கொப்பியைத்தான் பார்க்கிறன்."

வல்ல அல்லாஹ் நமது உழைப்பை வீண்விரயத்திலிருந்து காத்து, ஹலாலான வியாபாரத்தில் பரக்கத் செய்வானாக!